80 கிராம் பாரில் கோகோ எத்தனை கிராம்? பெங்களூரு சாக்லேட் கூடம் ஒன்றின் லேபிள் திருத்தம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் பொள்ளாச்சிக்காரக் கணவன் மனைவி இருவர் நடத்தும் சிறிய சாக்லேட் கூடம் இது. தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோ விதையை ஊரிலிருந்து வாங்கி, இங்கே வறுத்து, தோல் நீக்கி, கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் பாணியில் செய்த கல் மெலாஞ்சரில் அரைத்து பார் போடுகிறார்கள். அதிகம் விற்பது பாதாமும் உலர் மாம்பழத் துண்டும் கலந்த 80 கிராம் டார்க் சாக்லேட் பார்.

அதன் ரேப்பரில் முன்பக்கம் மூன்று எண்கள் இருந்தன: கோகோ 70%, மாம்பழம் 20%, பாதாம் 12%. இரண்டு ஆண்டுகள் இதே ரேப்பர்தான் ஓடியது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

தீபாவளிப் பரிசுப் பெட்டிக்காக இந்திராநகரில் உள்ள ஒரு பரிசுப்பொருள் நிறுவனம் இந்த பாரைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு பெட்டியிலும் வைக்க ஒரு சிறு அட்டையைத் தயாரித்து, அதன் மாதிரியைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ரேப்பரில் இருந்த சதவீதங்களை யாரோ 80-ஆல் பெருக்கியிருந்தார்கள். அட்டை இப்படிச் சொன்னது: "ஒவ்வொரு பாரிலும் 56 கிராம் கோகோ, 16 கிராம் மாம்பழம், 9.6 கிராம் பாதாம்."

மூன்றையும் கூட்டினால் 81.6 கிராம் வருகிறது. பாரே 80 கிராம்தான், அதில் சர்க்கரையும் இருக்கிறது.

முதலில் கண்டது

இதைக் கண்டுபிடித்தவர் வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் அலுவலர், அவரும் தமிழர். கூட்டிப் பார்த்ததோடு நிற்காமல், ஒரு பாரை வீட்டில் டபுள் பாய்லரில் உருக்கி, மாம்பழத் துண்டுகளை மட்டும் முள்கரண்டியால் எடுத்துச் சமையல் தராசில் வைத்திருக்கிறார். 5 கிராம் காட்டியது. மறுநாள் தொலைபேசியில் அவர் கேட்டது இவ்வளவுதான்: "சார், 16 கிராம்னு போட்டிருக்கீங்க, எனக்கு அஞ்சு கிராம்தான் கிடைச்சுது. மீதி எங்க?"

கூடத்தின் உரிமையாளருக்கு உடனே பதில் வரவில்லை. வராததும் நியாயமே. முன்பக்கத்தில் இருந்த மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கணக்கில் பிறந்தவை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்ல முடியும். ஒரே ரேப்பரில் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் சிக்கல்.

மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன

பேட்ச் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனார்கள். 10 கிலோ பேட்சுக்கு 125 பார். அதில் சாக்லேட் 8 கிலோ, வறுத்த பாதாம் 1.2 கிலோ, உலர் மாம்பழத் துண்டு 800 கிராம். ஒரு பாருக்கு வகுத்தால் சாக்லேட் 64 கிராம், பாதாம் 9.6 கிராம், மாம்பழத் துண்டு 6.4 கிராம்.

பாதாமின் 12% நேர்க்கணக்கு. முழுப் பாரின் எடையில் பாதாம் எவ்வளவோ அவ்வளவு.

கோகோவின் 70% சாக்லேட்டுக்கு மட்டும் உரியது. 100 கிலோ சாக்லேட்டுக்கு அவர்கள் போடுவது வறுத்துத் தோல் நீக்கிய விதைத் துண்டான கோகோ நிப்ஸ் 62 கிலோ, தனியாகச் சேர்க்கும் கோகோ வெண்ணெய் 8 கிலோ, சர்க்கரை 29.6 கிலோ, லெசித்தின் 0.4 கிலோ. நிப்ஸும் வெண்ணெயும் சேர்ந்தால் 70. இந்த எண்ணில் பாதாமும் மாம்பழமும் இல்லை. ஆகவே பாரில் உள்ள கோகோ 64 கிராமில் 70%, அதாவது 44.8 கிராம். முழுப் பாரின் எடையில் இது 56%. அட்டையில் தற்செயலாக 56 என்ற எண்ணே கிராமாக வந்து உட்கார்ந்திருந்ததால், முதல் பேச்சுவார்த்தையில் இரு தரப்பும் பத்து நிமிடம் வேறு வேறு 56-ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோகோ சதவீதத்தை இப்படிக் கணக்கிடுவது ஏமாற்று அல்ல. சாக்லேட்டுக்கான சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸே, கோகோ அளவைச் சொல்லும்போது மற்ற உண்பொருட்களைக் கழித்துவிட்டு சாக்லேட் பகுதிக்கு மட்டும் சொல்லச் சொல்கிறது. கொட்டை கலந்த பார்களில் உலகெங்கும் இதுதான் வழக்கம். ஆனால் "சாக்லேட்டில் 70%" என்று எழுதாமல் வெறும் "70%" என்று போட்டால், வாங்குபவர் அதை நிகர எடையோடுதான் பெருக்குவார்.

மாம்பழத்தின் 20% தான் உண்மையில் கோணலான எண். துண்டு தரும் வியாபாரியின் விவரத்தாளில், 100 கிலோ துண்டு செய்ய 250 கிலோ மாம்பழச் சதையும் 35 கிலோ சர்க்கரையும் ஆகும் என்று இருந்தது. கூடத்தில் லேபிள் போட்டவர் இதைப் பார்த்து, 8% துண்டை 2.5-ஆல் பெருக்கி 20% என்று எழுதிவிட்டார். பச்சையாக இருந்தபோது மாம்பழம் எவ்வளவு இருந்தது என்பதற்கு அது சரியான விடை. பாருக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அல்ல.

250 கிலோ சதையில் திடப்பொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ. அதோடு சேர்த்த சர்க்கரை 35, தங்கிய ஈரம் 15, மொத்தம் 100. மீதி 185 கிலோ நீர் வியாபாரியின் உலர்த்தியிலேயே போய்விட்டது. பாரில் உள்ள 6.4 கிராம் துண்டைப் பிரித்தால், மாம்பழத்திலிருந்து வந்த திடப்பொருள் 3.2 கிராம், சர்க்கரை 2.2 கிராம், ஈரம் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. பழத்தைப் பாகில் ஊறவைக்கும்போது அதன் சொந்தச் சர்க்கரையிலும் கொஞ்சம் பாகுக்குப் போய்விடும் என்பதால், 3.2 என்பதும் கொஞ்சம் தாராளமான மதிப்பீடுதான்.

"ஜாம் பாட்டிலில் மட்டும் பழம் 45% என்று போடுகிறார்களே, அதுவும் பச்சைப் பழக் கணக்குத்தானே" என்று உரிமையாளரின் மனைவி கேட்டார். நல்ல கேள்வி. இந்திய விதிப்படி பெரும்பாலான ஜாம்களில் தயாரித்த பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கரையும் திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அங்கே கூழ் கூழாகவே அதே அண்டாவுக்குள் போகிறது, நீர் அங்கேயே வற்றுகிறது. ஆகவே உள்ளே போனபோதிருந்த எடையைச் சொல்கிறார்கள். இவர்களுடைய கூடத்துக்குள் வந்தது பச்சை மாம்பழம் அல்ல, ஏற்கெனவே உலர்ந்து சர்க்கரை ஏறிய துண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிள் விதியும், படத்தாலோ எழுத்தாலோ முன்னிறுத்தும் சேர்மானத்துக்கு, தயாரிக்கும் வேளையில் உள்ளே போட்ட சதவீதத்தைக் காட்டச் சொல்கிறது. உள்ளே போட்டது 8% துண்டு.

பாரைப் பிரித்து எடை போட்டது

கணக்குப்படி துண்டு 6.4 கிராம் இருக்க வேண்டும். கொள்முதல் அலுவலருக்குக் கிடைத்ததோ 5 கிராம். இந்த வேறுபாட்டுக்கு லேபிள் காரணமாக முடியாது, எனவே பார்களைப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவானது.

ஒரே பேட்சில் முதலில் ஊற்றிய நான்கு பார், நடுவில் நான்கு, கடைசியில் நான்கு என்று பன்னிரண்டு எடுத்தார்கள். ஊற்றிய வரிசைப்படி தட்டுகளில் எண் எழுதும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததால் இது முடிந்தது. ஒவ்வொரு பாரையும் தனிக் கிண்ணத்தில் 45 டிகிரியில் உருக்கி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் ஊற்றி, அதே வெப்பத்தில் அரை மணி நேரம் வடியவிட்டு, பாதாமையும் மாம்பழத்தையும் கையால் பிரித்து 0.1 கிராம் தராசில் நிறுத்தார்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. எவ்வளவு நேரம் வடித்தாலும் துண்டின் மேல் சாக்லேட் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் கழுவினால் துண்டில் ஏறிய சர்க்கரையும் கரைந்து போகும். ஆய்வகத்தில் ஹெக்ஸேன் கொண்டு கழுவுவார்கள், சமையலறையில் அது ஆகாது. அதனால் ஒட்டும் அளவையே அளந்துகொண்டார்கள். சுத்தமான மாம்பழத் துண்டு 20 கிராமை உருகிய சாக்லேட்டில் முக்கி, அதே சல்லடையில் அதே நேரம் வடித்தபோது 23 கிராம் இருந்தது. ஆக, சல்லடையில் கிடைக்கும் மாம்பழ எடையை 1.15-ஆல் வகுத்தால் உண்மை எடை. பாதாமுக்கும் இதே போலத் தனியாக ஒரு எண் கண்டுகொண்டார்கள். கொள்முதல் அலுவலர் நிறுத்த 5 கிராமையும் இப்படி வகுத்தால் 4.3 தான் வருகிறது. அவர் புகார் செய்ததைவிட நிலைமை மோசம்.

பன்னிரண்டு பாரின் விடை விஷயத்தைத் தெளிவாக்கியது. மாம்பழம் முதல் நான்கில் சராசரி 4.3 கிராம், நடுவில் 6.0, கடைசியில் 8.6. மொத்தச் சராசரி 6.3. பாதாம் இதற்கு நேர் எதிர்: முதலில் 10.6, நடுவில் 9.8, கடைசியில் 8.4. போட்டது குறையவில்லை, பரவியதுதான் கோளாறு. பளபளப்பாக உறைவதற்காகப் பதமாகச் சூடாக்கி ஆற்றி டெம்பர் செய்த சாக்லேட்டில் பாதாமையும் மாம்பழத்தையும் மொத்தமாகக் கொட்டிக் கிளறி, பாத்திரத்தின் மேலிருந்து கரண்டியால் அள்ளி அச்சில் ஊற்றிவந்தார்கள். பாதாம் சாக்லேட்டைவிட லேசு, மேலே வரும். சர்க்கரை ஏறிய மாம்பழத் துண்டு கனம், அடிக்குப் போகும். 125 பார் ஊற்றி முடிக்க ஆகும் நேரம் அதற்குப் போதும்.

நிகர எடையில் இது எதுவும் தெரியவே இல்லை. பன்னிரண்டு பாரும் 80-க்கும் 82-க்கும் இடையில்தான் இருந்தன. 50 முதல் 100 கிராம் வரையான பொதிக்கு எடையளவுச் சட்ட விதிகள் ஏற்கும் அதிகபட்சக் குறை 4.5 கிராம். அந்தக் கணக்கு பொதியின் மொத்த எடைக்கு மட்டுந்தான், உள்ளே எது எவ்வளவு என்பதை அது பார்ப்பதில்லை. தராசில் ஒவ்வொரு பாரும் தேறியதால்தான் இரண்டு ஆண்டுகள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆய்வகம் சொல்ல முடிந்ததும் முடியாததும்

வாங்கும் நிறுவனம் 70 சதவீதத்துக்கும் ஆய்வக அறிக்கை கேட்டது. கூடம் மறுக்கவில்லை, ஆனால் அந்த அறிக்கையால் என்ன தெரியும் என்பதை முன்கூட்டியே விளக்கியது. இந்த இடத்தில் பலரும் ஏமாறுகிறார்கள்.

முடிந்த சாக்லேட்டில் "கோகோ சதவீதம்" என்று நேராக அளக்க ஒரு சோதனை கிடையாது. ஆய்வகம் தியோபுரோமினையும் காஃபீனையும் அளந்து, கோகோவில் அவை வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்ற எண்ணைக் கொண்டு கொழுப்பு நீங்கிய உலர் கோகோவைக் கணக்கிடும். அந்த வழக்கமான அளவு விதையின் இனத்துக்கும் விளைந்த இடத்துக்கும் ஏற்ப மாறும், எனவே விடையும் முன்பின் ஆகும். கொழுப்பைத் தனியாகப் பிரித்து அளக்கலாம். ஆனால் அதில் நிப்ஸோடு வந்த வெண்ணெய் எது, தனியாகச் சேர்த்த வெண்ணெய் எது என்று பிரிக்க முடியாது, இரண்டும் ஒன்றே.

இவர்களுடைய நிப்ஸில் கொழுப்பு 54% என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் சாக்லேட்டில் கொழுப்பல்லாத கோகோ, மிஞ்சிய ஈரத்தையும் சேர்த்து, 28.5 கிராம். ஒரு பாரின் 64 கிராமுக்கு 18.2 கிராம். பாரின் 44.8 கிராம் கோகோவில் மீதி 26.6 கிராமும் கோகோ வெண்ணெய். அட்டையில் "56 கிராம் கோகோ" என்று படிப்பவர் கசப்பும் கறுப்புமான பொடியை மனதில் நினைத்தால், அது இவ்வளவுதான். வெண்ணெயே சேர்க்காமல் நிப்ஸ் மட்டும் 70 போட்டிருந்தால் கொழுப்பல்லாத பகுதி 100-க்கு 32.2 ஆகியிருக்கும். லேபிளில் இரண்டுமே 70% தான். சாதாரண டார்க் சாக்லேட்டுக்கு இந்திய விதி கேட்கும் குறைந்தபட்சக் கொழுப்பற்ற கோகோ 12%, ஆகவே சட்டத்தின் பக்கம் சிக்கல் ஏதும் இல்லை.

வந்த அறிக்கை 28.5-க்கு அருகில்தான் இருந்தது. அது 70-ஐ நிரூபிக்கவில்லை, 70-க்கு முரணாகவும் இல்லை. நிரூபணம் பேட்ச் தாளும் கொள்முதல் ரசீதும்தான். இதைக் கேட்டபின் வாங்கும் நிறுவனம் மூன்று பேட்சுகளின் தாள்களைப் பார்த்து ஒப்புக்கொண்டது.

எடுத்த முடிவுகள்

முதல் யோசனை, லேபிளை விட்டுவிட்டு பாரை லேபிளுக்கு ஏற்ப மாற்றுவது. கணக்குப் போட்டதும் அது விழுந்துவிட்டது. முழுப் பாரில் 70% கோகோ வேண்டுமென்றால், 64 கிராம் சாக்லேட்டுக்குள் 56 கிராம் கோகோ இருக்க வேண்டும். அதாவது 87.5% சாக்லேட். அந்தக் கசப்பை இந்த பாரின் வாடிக்கையாளர் வாங்க மாட்டார். 16 கிராம் மாம்பழத் துண்டு போட்டால் சாக்லேட் 54.4 கிராமாகக் குறையும், பார் அச்சிலிருந்து உடைந்து வரும், துண்டின் ஈரத்தால் சாக்லேட் கெட்டியாகும் அபாயமும் கூடும்.

எனவே எண்களை மாற்றினார்கள். மூன்றும் ஒரே அடிப்படையில், அதாவது முழுப் பாரின் எடையில், வர வேண்டும் என்பது விதி. கோகோ மட்டும் விதிவிலக்கு, ஆனால் அது எதன் சதவீதம் என்பது அதே வரியில், அதே எழுத்தளவில் இருக்க வேண்டும். புதிய ரேப்பரின் வாசகம்:

முன்பக்கம்: "டார்க் சாக்லேட் 80% (சாக்லேட்டில் கோகோ 70%), பாதாம் 12%, சர்க்கரையில் ஊறிய உலர் மாம்பழத் துண்டு 8%."

பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் சாக்லேட்டுக்கும் மாம்பழத் துண்டுக்கும் உட்சேர்மானங்கள் அடைப்புக்குறிக்குள். துண்டில் பாதுகாப்புப் பொருளாக சல்பர் டை ஆக்சைடு (ஐ.என்.எஸ். 220) இருப்பது பழைய ரேப்பரில் விடுபட்டிருந்தது. சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையில் சொல்ல வேண்டும். வியாபாரியின் தாளில் அளவு அதைவிட அதிகம். பாதாமுக்கும் சோயா லெசித்தினுக்கும் எச்சரிக்கை போட்டவர்கள் இதைக் கவனிக்கவில்லை. தேடிப் போனது மாம்பழத்தின் எடையை. கையில் கிடைத்ததில் மிக முக்கியமானது இதுதான் என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் எண் தப்பானால் வாங்கியவர் ஏமாறுவார், இது தப்பானால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டலாம்.

ஊற்றும் முறையும் மாறியது. இப்போது சாக்லேட்டில் எதையும் கலப்பதில்லை. 31 முதல் 32 டிகிரியில் டெம்பர் நிலையில் உள்ள வெறும் சாக்லேட்டை அச்சுக்கு 64 கிராம் ஊற்றி, தட்டிச் சமன் செய்து, முன்கூட்டியே நிறுத்து வைத்த சிறு கிண்ணத்திலிருந்து பாதாம் 9.6 கிராம், மாம்பழம் 6.4 கிராம் மேலே தூவுகிறார்கள். இதற்காக முதல் நாள் மாலையே ஒருவர் 125 கிண்ணம் நிறுத்து அடுக்க வேண்டியிருக்கிறது. சலிப்பான வேலை. ஒரு ஆளுக்கு இரண்டு மணி நேரக் கூலி கூடுதல்.

கையிலிருந்த பழைய ரேப்பர்கள் பழைய பேப்பருக்குப் போயின. ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று பேச்சு வந்தது. தப்பான எண்ணின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் பெயர்ந்தால் சந்தேகம் இரட்டிப்பாகும் என்று விட்டுவிட்டார்கள். நல்ல வேளையாக உள்ளே இருக்கும் வெள்ளி ஃபாயிலில் அச்சு ஏதும் கிடையாது, விற்காத பார்களுக்குக் காகித உறையை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

பின்னர் நடந்தது

புதிய முறையில் வந்த முதல் மூன்று பேட்சிலிருந்து இருபது பாரைப் பிரித்துப் பார்த்தார்கள். மாம்பழம் 5.9 முதல் 7.0 கிராம் வரை. தூவும்போது ஓரத்தில் சிதறுவதும் பக்கத்து அச்சில் விழுவதும்தான் இந்த மிச்ச வேறுபாடு.

வாங்கும் நிறுவனம் அட்டையைத் திருத்தியது: "ஒவ்வொரு பாரிலும் ஏறத்தாழ 45 கிராம் கோகோ, 10 கிராம் பாதாம், 6 கிராம் உலர் மாம்பழம்." ஆனால் ஆர்டரைப் பாதியாகக் குறைத்தது. "மாம்பழம் 8 பெர்சன்ட்னு பார்த்தா எங்க கஸ்டமர் கம்மின்னு நினைப்பாங்க, சார்" என்பது அவர்கள் சொன்ன காரணம். பக்கத்தில் வைக்கும் வேறு பாரில் 20% என்று இருந்தால், அது பச்சைப் பழக் கணக்கா, துண்டுக் கணக்கா என்று கடையில் நின்று யாரும் கேட்கப் போவதில்லை. நேராகச் சொன்னவருக்கு இதில் ஒரு நஷ்டம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னும் மாற வேண்டியது

பேட்ச் தாள்களைக் கிளறியதில் வேறொன்று வெளிப்பட்டது. நிப்ஸை மெலாஞ்சரில் போடும்போது அதில் ஈரம் ஏறக்குறைய 3%. இரண்டு நாள் ஓடி முடிந்த சாக்லேட்டில் அதில் பெரும்பகுதி ஆவியாகியிருக்கும். 62 கிலோ நிப்ஸிலிருந்து 1.2 கிலோ ஈரம் போனால், மீதம் உள்ள 98.8 கிலோவில் கோகோ 68.8. சதவீதம் 69.6. உள்ளே போட்ட கணக்கில் 70, வெளியே வந்த சாக்லேட்டில் 70-க்கு ஒரு நூல் கீழே.

எழுபது என்று எழுதிய இடத்தில் எழுபதாவது இருக்க வேண்டும் என்று உரிமையாளரின் மனைவி விடாப்பிடியாக நின்றார். நிப்ஸை 63 கிலோவாக்கி, சர்க்கரையை 28.6 ஆகக் குறைத்தால், ஈரம் போனபின் 70.6 நிற்கிறது. ருசியில் அந்த ஒரு கிலோ தெரியவில்லை. புதிய பேட்ச் தாள் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் வறுத்த நிப்ஸ் மூட்டையில் ஈரம் ஏறினால் இந்தக் கணக்கு மறுபடி நகரும். ஆகவே ஒவ்வொரு மூட்டையிலும் 10 கிராம் நிப்ஸைப் பொடித்து 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, முன்னும் பின்னும் நிறுத்து, அந்த எண்ணைத் தாளின் முதல் வரியில் எழுதுகிறார்கள். அதற்கான 0.001 கிராம் தராசு மட்டும் இன்னும் வரவில்லை. அதுவரை பக்கத்துத் தெருவில் உள்ள மசாலாக் கூடத்துத் தராசுதான்.